பெரிய ஓடர் கிடைத்தால் லோனா, இன்வொய்ஸ் டிஸ்கவுண்டிங்கா?

மருதமுனையில் நாற்பது தறிகள் வைத்துச் சாரன் நெய்விக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் ஓர் ஓடரோடு என்னிடம் வந்தார். கொழும்பில் பல கிளைகள் உள்ள துணிக்கடை ஒன்று 6,000 சாரன் கேட்டிருந்தது. ஒன்று 1,500 ரூபா வீதம் மொத்தம் 90 இலட்சம். அவர் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய ஓடர் அது. "நானா, பேங்கில லோன் எடுக்கிறதா, இல்லாட்டி இன்வொய்ஸைக் குடுத்துக் காசு எடுக்கிறதா?" என்று கேட்டார்.

வங்கியின் கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இதைக் கேட்கும் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது ஓடர், இன்வொய்ஸ் அல்ல. ஓடர் என்பது "நீ செய்து தந்தால் வாங்குவேன்" என்ற வாக்கு. பொருளை ஒப்படைத்து, வாங்கியவர் "சரியாகக் கிடைத்தது" என்று கையெழுத்து வைத்த பிறகுதான் இன்வொய்ஸுக்கு வங்கியில் மதிப்பு வரும். நூல் வாங்கவும் நெசவாளருக்குக் கூலி கொடுக்கவும் பணம் தேவைப்படுவதோ அதற்கு முன்னர். ஆகவே இந்த இரண்டு வசதிகளும் ஒன்றுக்கு மற்றது மாற்றல்ல. தொழிற்படு மூலதனக் கடன் ஒப்படைப்புக்கு முந்திய இடைவெளிக்கு உரியது, டிஸ்கவுண்டிங் அதற்குப் பிந்திய இடைவெளிக்கு உரியது.

சகோதரரின் கணக்கையே பார்ப்போம். ஒரு சாரனுக்கு நூல் 650, கூலி 400, சாயம், பொதி, லொறி எல்லாம் சேர்த்து 150, ஆக 1,200 ரூபா அடக்கம். ஒரு தறியில் நாளுக்கு இரண்டு என்று பார்த்தால் மாதம் 2,000 சாரன். அப்படியானால் வேலை மூன்று மாதம், மாதமொன்றுக்குச் செலவு 24 இலட்சம். கடை பணம் தருவது ஒப்படைத்து 60 நாளில். முதல் மாத முடிவில் 2,000 சாரனைக் கொடுத்தாலும் அதற்கான 30 இலட்சம் மூன்றாம் மாத முடிவில்தான் வரும். அதற்குள் 72 இலட்சம் செலவாகிவிடும். அவர் கையிலிருந்தது 12 இலட்சம். துண்டு விழுவது 60 இலட்சம்.

இதைக் கடனால் மட்டும் நிரப்பப் போனால் வங்கி காணி உறுதி கேட்கும், பிணையாளர் கேட்கும். அவருடைய காணி பெர்மிட் காணி. 60 இலட்சத்துக்கு அதை ஏற்கும் வங்கியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டிஸ்கவுண்டிங்கைச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 30 இலட்ச இன்வொய்ஸில் 80 வீதத்தை வங்கி முன்கூட்டித் தந்தால் 24 இலட்சம். இரண்டாம் மாதச் செலவும் சரியாக 24 இலட்சம். முதல் தொகுதி இரண்டாம் தொகுதியை நெய்துவிடும், இரண்டாவது மூன்றாவதை நெய்துவிடும். கடனாகத் தேவைப்படுவது முதல் மாதத்துக்கான 12 இலட்சம் மட்டும். இங்கே வங்கி பெரும்பாலும் பார்ப்பது உங்கள் காணியை அல்ல, இன்வொய்ஸில் இருக்கும் கடையின் பெயரை.

செலவு குறையுமா என்றால், அதுதான் பலரும் தவறாக எண்ணும் இடம். வட்டி இரண்டுக்கும் வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்துப் பாருங்கள். மேலதிகப்பற்றாக, தேவையான அன்று தேவையான அளவு மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 1,72,500 ரூபா வரும். டிஸ்கவுண்டிங் வழியில் போனாலும் அதே தொகைதான், ஏனென்றால் பணம் இல்லாத நாட்கள் அதே நாட்கள். ஆனால் 60 இலட்சத்தை முதல் நாளே மொத்தமாக எடுத்து ஐந்து மாதம் வைத்திருந்தால் 3,75,000 ஆகிவிடும். வட்டி வீதத்தில் அரை வீதம் குறைக்கப் பேரம் பேசுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

டிஸ்கவுண்டிங்கில் ஆபத்தும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் கடை பணம் தராவிட்டால் வங்கி உங்களிடமே திரும்பி வரும். கைத்தறியில் இதற்குக் காரணமாவது அநேகமாகச் சாயம்தான். ஒரு தடவை தோய்த்த நூலுக்கும் அடுத்த தடவை தோய்த்த நூலுக்கும் நிறம் சற்று மாறினால் கடை 300 சாரனைத் திருப்பி அனுப்பும், இன்வொய்ஸில் நாலரை இலட்சம் கழியும். 20 வீதத்தை வங்கி பிடித்து வைப்பதும் இதற்காகத்தான்.

இனி நம்மவர்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. வட்டிக் கடன் ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்வொய்ஸைக் கொடுத்துக் காசு எடுப்பது வியாபாரம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். 60 நாளில் வர வேண்டிய 30 இலட்சக் கடனை இன்று குறைந்த பணத்துக்கு மூன்றாம் ஆளிடம் விற்பதைப் பெரும்பான்மை உலமாக்கள் அனுமதிப்பதில்லை. மலேசியாவில் சில நிபந்தனைகளோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்நிபந்தனை இல்லாமல், கடன்பட்டவரும் கொடுத்தவரும் தங்களுக்குள் மட்டும் "முந்தித் தந்தால் கொஞ்சம் குறைக்கிறேன்" என்று இணங்குவதை சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992 இல் ஆகுமாக்கியது. வங்கி நடுவில் வந்தால் அந்த அனுமதி பொருந்தாது.

ஆகவே இஸ்லாமிய வங்கிச் சேவைக்குப் போகிறவர் வேறு வாசலால் போக வேண்டும். நூலுக்கு முராபஹா செய்யலாம். வங்கி நூலை வாங்கித் தன் உடைமையாக்கி, இலாபம் சேர்த்து நிலையான விலைக்கு உங்களுக்குத் தவணையில் விற்கும். நூலை நீங்களே வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டு போனால் அது முராபஹா ஆகாது. இந்தத் தவறைச் செய்துவிட்டு "பேங்க் தரமாட்டேங்குது" என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர். மாதம் 13 இலட்சம் வீதம் மூன்று கொள்வனவு, ஒவ்வொன்றுக்கும் தவணை மூன்று மாதமல்ல, நான்கு மாதம் கேளுங்கள். கடை பதினைந்து நாள் பிந்தினாலும் தவணை தவறாது.

ஆனால் கூலியை முராபஹாவில் வாங்க முடியாது. நூல் போக மாதம் 11 இலட்சம், மூன்று மாதத்துக்கு 33 இலட்சம் ரொக்கமாக வேண்டும். கையிலிருக்கும் 12 போக 21 இலட்சம் குறையும். இதற்குக் கடையிடமே முற்பணம் கேட்கலாம். செய்து தரும்படி கொடுக்கும் ஓடர் ஷரீஅத்தில் இஸ்திஸ்னாஃ ஒப்பந்தம், அதில் முற்பணம் வாங்குவது ஆகுமானது. 25 வீதம் தந்தால் 22.5 இலட்சம், குறை தீர்ந்தது. பின்னர் ஒவ்வொரு இன்வொய்ஸிலும் 7.5 இலட்சம் கழித்து 22.5 இலட்சம் வரும், முராபஹாத் தவணையைக் கட்ட அது போதும். பெரிய கடைகள் இலகுவில் முற்பணம் தர மாட்டா என்பது உண்மை. விலையில் ஐம்பது ரூபா விட்டுக்கொடுத்துக் கேட்டால் சில இணங்கும். அப்படிப் போவது மூன்று இலட்சம், ஆகவே கேட்கும் முன் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பேசிய பின் ஓடர்த் தாளை வாங்கி வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: முழுத் தொகையும் ஒரே தடவையில் ஒப்படைக்கப்பட வேண்டும், இன்வொய்ஸ் ஒன்று மட்டும். அந்த வரி இருக்கும்வரை மூன்றாம் மாதம் முடியுமட்டும் டிஸ்கவுண்ட் செய்ய எதுவும் இல்லை. முராபஹாத் தவணைக்கும் ஐந்தாம் மாதம் வரை பணம் வராது. வங்கிக்குப் போவதை நிறுத்தி, முதலில் கடையின் கொள்வனவு அதிகாரியிடம் அனுப்பினேன். மூன்று தொகுதி, ஒவ்வொன்றுக்கும் தனி இன்வொய்ஸ், 60 நாள் எண்ணப்படுவது பொருள் பெற்றுக்கொண்ட திகதியிலிருந்து, முற்பணம் கால்வாசி என்று நான்கு விடயங்களை எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்றுக்கும் அன்றே சம்மதித்தார்கள். முற்பணம் 15 வீதத்தில் நின்றது, அதாவது 13.5 இலட்சம். மீதி ஏழரை இலட்சத்துக்கு அவர் மச்சானைப் பங்காளியாகச் சேர்த்திருக்கிறார், இந்த ஓடருக்கு மட்டும், இலாபத்திலும் நட்டத்திலும்.