தொகையிடல் மாறிலியும் மாறாச் செலவும்

மேல்நிலை இரண்டாமாண்டு வணிகக் கணிதத்தில் இறுதிநிலைச் செலவுச் சார்பைத் தொகையிட்டு மொத்தச் செலவுச் சார்பைக் காணும் கணக்குகளை மாணவர்கள் விரைவாகவே போட்டுவிடுகிறார்கள். தொகையிடுகிறார்கள், கடைசியில் k சேர்க்கிறார்கள், கேள்வியில் மாறாச் செலவு என்று கொடுத்த எண்ணை k இருந்த இடத்தில் எழுதுகிறார்கள். பெரும்பாலான கணக்குகளில் விடையும் சரியாக வந்துவிடும். அப்படி வந்துவிடுவதால்தான் அந்த k எங்கிருந்து வந்தது, எப்போது அது மாறாச் செலவுக்குச் சமமாக இருக்காது என்ற கேள்விகள் வகுப்பில் எழாமலே போகின்றன.

இதை விளக்க ஒரு சர்க்கரை ஆலை பொருத்தமானது. திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் திருவாலங்காட்டில் உள்ள ஆலை தெரிந்திருக்கும். பெயரில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று இருந்தாலும் அது இருப்பது திருவாலங்காட்டில்தான். சர்க்கரை ஆலை ஆண்டு முழுவதும் அரைப்பதில்லை. கரும்பு வரும் சில மாதங்களே அரவைப் பருவம். மற்ற மாதங்களில் ஆலைக்குள் ஒரு டன் கரும்புகூட நுழையாது. ஆனாலும் நிரந்தரப் பணியாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும், உருளைகளையும் கொதிகலனையும் கழற்றிப் பழுது பார்க்க வேண்டும். உற்பத்தி பூச்சியமாக இருக்கும்போதும் ஆகிற இந்தச் செலவே மாறாச் செலவு. ‘x = 0 எனில் C என்ன?’ என்ற கேள்விக்கு, அரவை இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் ஆலையைக் காட்டிவிட்டால் மாணவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி இறுதிநிலைச் செலவு. இன்னும் ஒரு டன் கரும்பு கூடுதலாக அரைக்க என்ன ஆகும்? பெரும்பகுதி கரும்பின் விலை. 2024-25 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நியாயமான மற்றும் ஆதாய விலை, 10.25 விழுக்காடு பிழிதிறன் உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், அதாவது டன்னுக்கு 3,400 ரூபாய். பிழிதிறன் குறைந்தால் விலையும் சற்றுக் குறையும். இதோடு லாரி வாடகை, சுண்ணாம்பு, கந்தகம், சாக்கு. எரிபொருளுக்குப் பெரிதாகச் செலவில்லை. பிழிந்த சக்கையே கொதிகலனில் எரிகிறது. பக்கத்துக் கிராமங்களின் கரும்பு போதாமல் தொலைவிலிருந்து கொண்டுவர நேர்ந்தால் லாரி வாடகை ஏறும். ஆகவே அரவை கூடக் கூட இறுதிநிலைச் செலவும் மெல்ல ஏறுவதாகக் கொள்ளலாம்.

கணக்குக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்த ஆலையின் கணக்கேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. x என்பது ஆயிரம் டன்களில் கரும்பு. செலவு இலட்சம் ரூபாயில்.

MC = 36 + 0.02x

தொடக்கத்தில் ஆயிரம் டன்னுக்கு 36 இலட்சம், அதாவது டன்னுக்கு 3,600 ரூபாய். தொகையிட்டால்,

C = 36x + 0.01x² + k

இங்கே சற்று நிற்க வேண்டும். மாறாச் செலவு 5 கோடியாக உள்ள ஆலைக்கும் 20 கோடியாக உள்ள ஆலைக்கும் இதே MC இருக்கக்கூடும். வகையிடும்போது மாறிலி மறைந்துவிடுவதால், MC-ஐ மட்டும் பார்த்து வட்டி எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. அந்தத் தகவல் வெளியிலிருந்து வர வேண்டும். மாறாச் செலவு 20 கோடி, அதாவது 2,000 இலட்சம் என்று யாரோ சொன்ன பிறகுதான் C(0) = 2000 என்று எழுதுகிறோம். இங்கே x = 0 எனப் பிரதியிட்டால் மற்ற உறுப்புகள் பூச்சியமாகி k = 2000 கிடைக்கிறது.

இரண்டு இலட்சம் டன் அரைத்தால் (x = 200) C = 7200 + 400 + 2000 = 9600. டன்னுக்குச் சராசரி 4,800 ரூபாய். கரும்பு குறைந்து ஒரு இலட்சம் டன்தான் கிடைத்தது என்றால் (x = 100) C = 3600 + 100 + 2000 = 5700. சராசரி 5,700 ரூபாய். கடைசி டன்னுக்கு ஆன செலவு முதல் நிலையில் 4,000 ரூபாய், இரண்டாவதில் 3,800 ரூபாய்தான். இறுதிநிலைச் செலவு குறைந்தும் சராசரிச் செலவு 900 ரூபாய் ஏறிவிட்டது. அதே 2,000 இலட்சத்தைப் பாதி கரும்பு சுமக்க வேண்டியிருக்கிறது. கரும்பு வரத்துக் குறைந்த ஆண்டில் ஓர் ஆலை நட்டத்தில் விழுவது இந்த k-யால்தான். MC வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

இப்போது மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம். லாரி வாடகை இன்னும் வேகமாக ஏறுவதாகக் கொண்டு, அதே ஆலைக்கு

MC = 36 + 2e^(0.01x)

என்று கொடுத்தால், C = 36x + 200e^(0.01x) + k. பழக்கத்தில் k = 2000 என்று எழுதிவிடுவார்கள். x = 0 எனப் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: C(0) = 200 + 2000 = 2200. பூட்டிக் கிடக்கும் ஆலைக்கு எங்கிருந்தோ இரண்டு கோடி ரூபாய் கூடுதல் செலவு முளைத்திருக்கிறது. e⁰ = 1 என்பதால் தொகையீட்டின் அந்த உறுப்பு x = 0-இல் மறைவதில்லை. சரியான சமன்பாடு 200 + k = 2000; k = 1800. √(x + 4) போன்ற கோவைகள் வரும் கணக்குகளிலும் இதே நிலைதான். மாறாச் செலவு என்பது C(0); அது k-க்குச் சமமாவது, தொகையிட்ட மற்ற உறுப்புகள் x = 0-இல் பூச்சியமாகும்போது மட்டுமே. பல்லுறுப்புக் கோவைக் கணக்குகளையே தொடர்ந்து கொடுத்தால் இந்த வேறுபாடு வெளியே வராது. இரண்டாவது கணக்கிலேயே ஓர் அடுக்குக்குறிச் சார்பைக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

மாறாச் செலவைச் சொல்லாமல், ‘ஒரு இலட்சம் டன் அரைத்தபோது மொத்தச் செலவு 5,700 இலட்சம்’ என்று கொடுத்தாலும் போதும். முதல் சார்பில் x = 100 எனப் பிரதியிட்டால் 3700 + k = 5700; மாறாச் செலவு தானே வெளிவருகிறது. ஏதாவது ஓர் உற்பத்தி அளவில் மொத்தச் செலவு தெரிந்தால் சரி. அரவையை ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சம் டன்னாக உயர்த்த எவ்வளவு கூடுதல் செலவு என்று மட்டும் கேட்டால் அதுவும் தேவையில்லை. 100 முதல் 200 வரை வரையறுத்த தொகையீடு 7600 − 3700 = 3900 இலட்சம்; கழிக்கும்போது k நீங்கிவிடுகிறது. இந்த இடத்தில் மாறாச் செலவைத் தேடிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு.

கூர்மையான மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கக்கூடும்: பருவத் தொடக்கத்தில் கொதிகலனை மூட்டி, வெள்ளோட்டம் விட ஆகும் செலவு எதில் சேரும்? அரைக்காவிட்டால் அது இல்லை. அரைக்கத் தொடங்கினால் முதல் டன்னுக்கு முன்பே முழுதாக வந்துவிடுகிறது. அது டன் கணக்கில் ஏறாததால் MC-இல் இடம்பெறாது. அரவை நடக்கும் ஆண்டுக்கான கணக்கில் அதை k-உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது C(0) என்பது ஆலை பூட்டிய நிலையின் செலவு ஆகாது. அரவைக்குத் தயாராக நிற்கும் ஆலையின் செலவு. கேள்வி எந்த நிலையைக் குறிக்கிறது என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.