அந்தப் பக்கம் 5871, இந்தப் பக்கம் PAY-214

ஒரு வங்கி தன் கைபேசிச் செயலியை வெளி மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் செய்விக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி தன் வேலைகளை மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸில் பதிகிறது. செய்துகொடுக்கும் நிறுவனம் அட்லாசியனின் ஜிராவில் பதிகிறது. இருவருக்கும் அவரவர் கணக்கு, அவரவர் பாதுகாப்பு விதி, பல வருடப் பதிவுகள் இருப்பதால் யாரும் மற்றவர் பக்கம் மாறப்போவதில்லை. பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு பிழை வந்தால் அது வங்கியில் 5871 என்றும், நிறுவனத்தில் PAY-214 என்றும் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க, தினமும் யாராவது ஒருவர் உட்கார்ந்து நகலெடுக்க வேண்டும். அல்லது நடுவில் ஓர் இணைப்பு நிரலைப் போட வேண்டும். எக்ஸாலேட், யுனிடோ போன்றவை இதற்கென்றே விற்கப்படுகின்றன. சிலர் சொந்தமாகவும் எழுதிக்கொள்கிறார்கள்.

நிரல் செய்வது எளிய காரியம்தான். ஜிராவில் ஏதாவது மாறியதும் 'வெப்ஹூக்' என்ற தகவல் தானாக நிரலுக்கு வரும். அது அஸூரில் அதே மாற்றத்தை எழுதிவிட்டு, PAY-214-க்கு ஜோடி 5871 என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அந்த அட்டவணை தொலைந்தால் எதற்கு எது ஜோடி என்பது நிரலுக்குத் தெரியாது; எல்லா வேலைகளையும் புதிதாக இன்னொரு முறை உருவாக்கி வைத்துவிடும்.

முதல் தொல்லை எதிரொலி. நிரல் அஸூரில் எழுதியதும், "இங்கே ஒரு மாற்றம்" என்று அஸூர் அறிவிக்கிறது. நிரல் அதை ஜிராவுக்குக் கொண்டுபோகிறது. உடனே ஜிராவும் அறிவிக்கிறது. ஒரே கருத்துரை நிமிடத்துக்கு நிமிடம் பெருகிக்கொண்டே போகும். இதைத் தடுக்க, நிரலுக்கென்று இரு பக்கமும் தனிப் பயனர் கணக்கு வைத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வார்கள். உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, ஓர் ஊழியரின் கணக்கையே நிரலுக்கும் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது அந்த ஊழியர் தன் கையால் செய்த மாற்றங்களும் மறுபக்கம் போகாது. மற்ற எல்லாருடையதும் சரியாகப் போவதால், காரணத்தைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகும்.

இதைவிடச் சிக்கலானது நிலைகளைப் பொருத்துவது. நிறுவனத்தின் ஜிராவில் ஒரு வேலை To Do, In Progress, Code Review, Testing, Done என்று நகர்கிறது. வங்கியில் இருப்பவை New, Active, Resolved, Closed. நடுவில் உள்ள மூன்று ஜிரா நிலைகளும் வங்கிக்கு ஒரே Active-தான். போகும்போது இதனால் பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போதுதான் வம்பு. வங்கிக்காரர் முன்னுரிமையை மட்டும் மாற்றுகிறார். நிரல் அதோடு Active என்பதையும் சேர்த்துக் கொண்டுவந்து In Progress என்று மொழிபெயர்க்கிறது. சோதனையில் இருந்த வேலை இரண்டு படி பின்னால் போய் நிற்கிறது. சோதிப்பவர் முன்னே தள்ளுவார். அடுத்த மாற்றத்தில் மறுபடியும் பின்னுக்கு வரும். வந்த நிலைக்குப் பொருந்தும் இடத்தில்தான் வேலை ஏற்கனவே இருக்கிறது என்றால் அதைத் தொடாதே என்று ஒரு விதி எழுதினால் இது நிற்கும்.

Done என்பதை Closed-உடன் கோப்பது இன்னொரு தவறு. நிறுவனம் முடித்துவிட்டேன் என்றால் அது வங்கிக்கு Resolved மட்டுமே. சரிபார்த்து மூடுவது வங்கியின் உரிமை. பல ஒப்பந்தங்களில் பணம் அந்த ஒப்புதலைப் பொறுத்தே வரும். அதை நிரல் தானாகச் செய்யக் கூடாது. முன்னுரிமையை வங்கி மட்டும் மாற்றலாம், மணிக்கணக்கு மதிப்பீடு நிறுவனத்தை விட்டு வெளியே போகாது என்று ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் உரிமையாளரை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கடைசியாக எழுதியவர் சொன்னதே நிற்கும். முந்தையவருக்குத் தெரியவே தெரியாது.

கருத்துரைகளில் என் யோசனை கறாரானது: எதுவும் தானாகப் போகக் கூடாது. "கேட்டதையே மாத்தி மாத்திக் கேக்கறாங்க, ரெண்டு நாள் கூட்டிப் போட்டுடலாம்" என்று சக ஊழியருக்கு ஒருவர் எழுதியது வங்கியின் திரையில் தோன்றினால், பிறகு அழித்துப் பயனில்லை. அறிவிப்பு மின்னஞ்சல் அதற்குள் போயிருக்கும். #bank போன்ற ஒரு குறி இட்டதை மட்டும் அனுப்பும்படி வைப்பதே பாதுகாப்பு. வங்கி இணைக்கும் பதிவுக் கோப்புகளிலும் வாடிக்கையாளர் விவரம் இருக்கக்கூடும். அவற்றுக்கும் இதே கறார் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், நிரல் ஒரு மணி நேரம் படுத்துவிட்டால் அந்நேரத்து அறிவிப்புகளில் சில வராமலே போகலாம். அதனால் இரவில் ஒருமுறை ஜிராவிடம் இப்படிக் கேட்டு, முந்தைய ஒரு நாளில் மாறியவற்றை எடுக்க வேண்டும்:

```
project = PAY AND updated >= -1d
```

அஸூரிலும் அதேபோல் எடுத்து, ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வாத ஜோடிகளை நிரலே திருத்தாமல், ஒரு பட்டியலாக இரண்டு நிறுவனத்திலும் ஆளுக்கு ஒருவருக்கு அனுப்பினால் போதும். எந்தப் பக்கம் சரி என்பதை அவர்கள் காலையில் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.