எழுபத்து மூன்றாம் ஆள்

கல்லூரி வாயிலில் 'ரோஜ்கார் மேளா' என்னும் இந்திப் பதாகையை வட இந்திய நகரங்களில் வாழும் மாணவர் பலரும் கண்டிருப்பர். இதனைத் தமிழில் 'வேலைவாய்ப்பு முகாம்' என்பர். வேலை தேடும் பட்டதாரிகளையும் ஆள் தேடும் நிறுவனங்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்திக்கச் செய்வதே இதன் நோக்கம். 2015ஆம் ஆண்டு நடுவண் அரசின் தொழிலாளர் நல அமைச்சகம் 'தேசிய வேலைவாய்ப்புச் சேவை' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் பெயரைப் பதிவு செய்வோர், முகாம்கள் நடைபெறும் இடத்தையும் நாளையும் அறிந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

முகாமில் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஓர் அரங்கு ஒதுக்கப்படும். அரங்கில் மேசை, நாற்காலிகள், நேர்காணல் செய்யும் அலுவலர்கள் ஆகியோரும் பிறவும் இருப்பது யாவரும் அறிந்ததே. ஆனால் முகாமை நடத்துவோர் முதலில் கணக்கிட வேண்டியது நாற்காலிகளை அன்று, நிமிடங்களை.

ஒரு கல்லூரியில் முகாம் நடைபெறுவதாகக் கொள்வோம். அங்கே ஒரு நிதி நிறுவனத்தின் அரங்கில் அலுவலர் இருவர் தனித்தனியே நேர்காணல் செய்கின்றனர். ஒருவரிடம் பேசி, குறிப்பெழுதி, அடுத்தவரை அழைக்கப் பத்து நிமிடங்கள் ஆகும். காலை 10 மணி முதல் 1 மணி வரையும், உணவுக்குப் பின் 2 மணி முதல் 5 மணி வரையும் நேர்காணல் நடைபெறும். ஆக மொத்தம் 360 நிமிடங்கள். ஓர் அலுவலர் 36 பேரைக் காணலாம். இருவரும் சேர்ந்து 72 பேரைக் காணலாம். அன்று காலை அந்த அரங்கின் முன் 180 பேர் வரிசையில் நிற்கின்றனர் என்றால், எழுபத்து மூன்றாம் ஆள் மாலை வரை நின்றாலும் உள்ளே செல்ல இயலாது. அவருக்குப் பின் நிற்போர் நிலையும் அதுவே. இவ்வுண்மை காலை 10 மணிக்கே கணக்கில் தெரிந்துவிடுகிறது. ஆனால் யாரும் சொல்லாவிட்டால், வரிசையில் நிற்பவர் அதனை மாலை 5 மணிக்குத்தான் அறிவார்.

இக்குறையைத் தீர்ப்பதற்காகவே நேரச் சீட்டு வழங்கப்படுகிறது. நாள் முழுவதும் அரைமணிப் பொழுதுகளாகப் பிரிக்கப்படும். ஒரு பொழுதிற்கு ஆறு பேர் என்ற அளவில், எண்ணும் நேரமும் குறித்த சீட்டுகள் தரப்படும். மாலை நான்கரை மணிப் பொழுதிற்கு மட்டும் சீட்டுத் தருவதில்லை. சில நேர்காணல்கள் பத்து நிமிடங்களைக் கடந்துவிடும். அந்தத் தாமதத்தை ஈடுசெய்ய அப்பொழுது வேண்டும். எனவே 66 சீட்டுகளே வழங்கப்படும்.

மலர்விழி என்னும் வணிகவியல் பட்டதாரி அம்முகாமிற்கு வருவதாக எண்ணிக்கொள்வோம். காலை ஒன்பதரை மணிக்குப் பதிவு செய்த அவருக்கு 47ஆம் எண் சீட்டுக் கிடைக்கிறது. அதில் குறித்த நேரம் பிற்பகல் 2.30. சீட்டு முறை இல்லையெனில் என்ன நேர்ந்திருக்கும்? அவருக்கு முன் 46 பேர். இருவர் இருவராக உள்ளே சென்றால், உணவு இடைவேளையும் சேர்ந்து, அவர் முறை வருவது பிற்பகல் 2.50 மணிக்கு. சீட்டு இருந்தாலும் ஏறத்தாழ அதே நேரந்தான். நேரச் சீட்டு காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதில்லை. ஆனால், அந்த ஐந்து மணி நேரமும் ஓரிடத்திலேயே நிற்க வேண்டிய கட்டாயத்தை நீக்குகிறது.

அந்நேரத்தில் மலர்விழி முதலில் தன்விவரக் குறிப்பு மேசைக்குச் செல்கிறார். அங்குள்ள பேராசிரியர் ஒருவர் அவருடைய தாளை வாசிக்கிறார். மேலே உள்ள கைப்பேசி எண்ணை அழைத்துப் பார்க்கிறார், மணி ஒலிக்கவில்லை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அத்தாளை அப்படியே கொடுத்திருந்தால், நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தாலும் அழைத்திருக்க முடியாது.

அடுத்து, பெயரில் ஒரு சிக்கல். பட்டச் சான்றிதழில் 'க. மலர்விழி' என்றும், அடையாள அட்டையில் 'மலர்விழி கண்ணன்' என்றும் உள்ளது. தமிழர் பலர் தந்தையின் பெயரை முதலெழுத்தாக எழுதும் வழக்கமுடையவர். பிற மாநில விண்ணப்பப் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கும். அக்கட்டத்தில் ஒரு நாள் 'க' என்றும், மற்றொரு நாள் 'கண்ணன்' என்றும் எழுதினால், இரண்டும் ஒருவர்தாமா என்ற ஐயம் எழும். பட்டச் சான்றிதழில் உள்ளவாறே பெயரை எழுதி, முதலெழுத்தின் விரிவை அதன் கீழே குறிக்குமாறு பேராசிரியர் கூறுகிறார். எல்லாப் படிவங்களிலும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். திருத்திய தாளை மலர்விழி நான்கு படிகள் எடுத்துக்கொண்டு, வேறு இரண்டு அரங்குகளில் நேர்காணலையும் முடித்துவிடுகிறார்.

சீட்டு மட்டும் கூட்டத்தை ஒழுங்குபடுத்திவிடாது. மிகுந்த பேர் நாடும் அரங்கை வாயிலருகே அமைத்தால், அங்கு நிற்கும் வரிசை வாயிலையே அடைத்துவிடும். ஆகவே அத்தகைய அரங்கை மண்டபத்தின் கடைசியில் அமைத்து, அருகில் காத்திருப்போர் அமர நாற்காலிகள் இடுவர். உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் வெவ்வேறு வழிகள் வேண்டும். ஒலிபெருக்கியில் "அடுத்த ஐம்பது பேர் வரலாம்" என்று அறிவித்தால், இருநூறு பேர் ஒருசேர எழுந்து ஓடுவர், நெரிசல் உண்டாகும். எனவே எண்களைப் பலகையில் எழுதி, தன்னார்வலர் ஆறு ஆறு பேராக அழைத்துச் செல்வர்.

பிற்பகல் 2.50 மணிக்கு மலர்விழியின் நேர்காணல் நடைபெறுகிறது. முடிவில் அவருக்குக் கிடைப்பது பணி ஆணை அன்று. அடுத்த சுற்றுத் தேர்வுக்கான நாள். முகாமில் நடைபெறுவது பெரும்பாலும் முதற்கட்டத் தேர்வே. இதை அறியாதோர் வேலை கிடைத்துவிட்டதாக வீட்டில் சொல்லிப் பின்னர் வருந்துவதுண்டு. பணி ஆணை தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், அதனை ஏமாற்று வேலை எனக் கருதி, முகாம் அலுவலரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

சீட்டுக் கிடைக்காத 114 பேர் என்ன ஆயினர்? சீட்டு முடிந்தது என்பதைக் காலை பத்தேகால் மணிக்கே பலகையில் எழுதிவைத்தனர். அவர்களுடைய தாள்களை நிறுவனத்தின் பெட்டியில் இடச் செய்தனர். ஐந்தாறு பேரே காத்திருந்த பிற அரங்குகளின் எண்களையும் அப்பலகையிலேயே குறித்தனர். எழுபத்து மூன்றாம் ஆள் அதைப் படித்துவிட்டு, மண்டபத்தின் மறுபுறம் நடந்தார். அவருக்கு அந்த நாள் இன்னும் மீதம் இருந்தது.

பயிற்சி

1. நிதி நிறுவன அரங்கில் 66 சீட்டுகள் மட்டுமே வழங்கப்பட்டது ஏன்?
2. மூன்று அலுவலர்கள் இருந்து, ஒரு நேர்காணலுக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆனால், அதே 360 நிமிடங்களில் எத்தனை பேரைக் காணலாம்?
3. உம் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் எவ்வாறு உள்ளது? ஒப்பிட்டு எழுதுக.