நீளும் குழாய்க்கு இடம் விட்டீர்களா?

மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் ஏதாவது ஒரு விடுதிக்குப் போய், டேங்கிலிருந்து ஷாஃப்ட் வரை ஓடும் வெந்நீர்க் குழாயை இரண்டு முறை பாருங்கள். விடியற்காலையில் யாரும் குளிக்கும் முன் ஒரு முறை. எல்லா அறைகளிலும் ஷவர் ஓடும்போது இன்னொரு முறை. முதலில் நேராக இருந்த குழாய் இப்போது கிளாம்புக்குக் கிளாம்பு பாம்பு போல நெளிந்து கிடக்கும். சில இடங்களில் கிளாம்பின் ஸ்குரூவே சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். மட்டமான பைப் என்று உரிமையாளர் கடைக்காரரைத் திட்டுவார். ஆனால் பைப் சூடானதால் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீள்வதற்கு யாரும் அதற்கு இடம் விடவில்லை.

நம் ஊரில் இப்போது வெந்நீருக்குப் பெரும்பாலும் சிபிவிசி குழாய்தான். ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் இது மீட்டருக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நீளும். கேட்க அற்பமான அளவாகத் தெரியும். ஒரு விடுதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். மாடியில் நேர்க்கோட்டில் 24 மீட்டர் ஓடும் ஒரு இஞ்ச் குழாய். வேலை நடந்த அன்று 30 டிகிரி. நல்ல வெயிலடித்து, தண்ணீரை யாரும் எடுக்காத நாளில் டேங்கில் 70 டிகிரி வரை ஏறும். வித்தியாசம் 40 டிகிரி. 24 × 0.06 × 40 என்று பெருக்கினால் 58 மில்லிமீட்டர் வருகிறது. கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர்! குழாய் சூடாகும்போதெல்லாம் நீண்டு, ஆறும்போதெல்லாம் சுருங்குகிறது.

அதே இடத்தில் ஜிஐ குழாய் இருந்தால் சுமார் 12 மில்லிமீட்டர்தான் நீளும். அதனால் இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனையையும் அசையாமல் பிடித்துவிட்டால் ஒரு இஞ்ச் ஜிஐ குழாய் சுமார் 3 டன் விசையோடு தள்ளும். சிபிவிசி தள்ளுவது ஏறத்தாழ 110 கிலோதான். சிபிவிசி தானே நெளிந்து கொடுத்துவிடுகிறது. இரும்பு சுவரையும் திருகு மூட்டையும் சோதிக்கிறது. எந்த கிளாம்பாலும் 3 டன்னைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே நீள்வதைத் தடுக்கப் பார்ப்பது வீண். எங்கே, எந்தப் பக்கமாக நீள வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம்.

அதற்குத்தான் லூப். நேராகப் போகும் குழாயை நடுவில் நான்கு எல்போ போட்டு, ‘ப’ எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒதுக்கிக் கொண்டுபோய்த் திரும்ப அதே கோட்டுக்குக் கொண்டுவருவது. இரண்டு பக்கக் குழாயும் நீண்டு வரும்போது லூப்பின் இரு கால்களும் வளைந்து இடம் கொடுக்கும். கால்கள் எவ்வளவு நீளம் வேண்டும் என்பது குழாயின் தடிமனையும் நீட்சியையும் பொறுத்தது. நம் 24 மீட்டர் குழாய்க்கு லூப்பில் மொத்தம் சுமார் ஒரு மீட்டர் பைப் வேண்டும்: கால் ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர், குறுக்குத் துண்டு 20. இதைச் சூடான குழாயின் வலுவை வைத்துக் கணக்கிட வேண்டும். சிபிவிசி சூடானால் தாங்கும் திறன் குறைந்துவிடும். குளிர்ந்த நிலைக்கான எண்களைப் போட்டால் 72 சென்டிமீட்டர் போதும் என்று வரும். அந்தக் குட்டையான லூப்பில் முதலில் அடி வாங்குவது எல்போதான்.

லூப்பைப் படுக்கையாக, தரைமட்டத்துக்கு இணையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் உச்சியில் காற்று தங்கிவிடும். டேங்கின் உயரத்தை மட்டும் நம்பித் தண்ணீர் ஓடும் வீடுகளில், அந்தக் காற்றே ஓட்டத்தை அடைத்துவிடும்.

லூப் போட்டும் குழாய் நெளிகிறது என்றால் பெரும்பாலும் கிளாம்ப்தான் காரணம். ஒரு இஞ்ச் சிபிவிசிக்கு 90 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப் வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் தொய்ந்துவிடும். 24 மீட்டருக்கு 27 கிளாம்ப் வரை வரும். அவற்றில் இரண்டே இரண்டுதான் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும்: ஒன்று டேங்க் பக்கம், மற்றது ஷாஃப்ட் பக்கம். மீதி எல்லாம் குழாயைத் தாங்கி, பக்கவாட்டில் ஓடாமல் பார்த்துக்கொண்டு, நீளவாக்கில் சறுக்க விட வேண்டும். எல்லா ஸ்குரூவையும் ஒரே மாதிரி இறுக்கிவிட்டுப் போவதுதான் நம் ஊர் வழக்கம். 27 இடத்திலும் பிடித்துவிட்டால் லூப் இருந்தும் இல்லாததுபோலத்தான். ஒவ்வொரு 90 சென்டிமீட்டரும் அதன் சொந்த 2 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு அங்கேயே நெளியும்.

கண்ணில் படாத இன்னொரு பிடிப்பும் உண்டு. 3 மீட்டர் பைப்புகளைக் கப்ளர் போட்டு இணைக்கிறோம். கப்ளரின் விளிம்பு கிளாம்பை ஒட்டி வந்தால், குழாய் சறுக்கும்போது அங்கே இடித்து நின்றுவிடும். இறுக்கிப் பிடித்த முனைக்கு அருகில் அசைவு மிகக் குறைவு என்பதால் அங்கே பாதகமில்லை. லூப்பை நெருங்க நெருங்க அசைவு கூடி 29 மில்லிமீட்டர் வரை போகும். எனவே லூப்புக்கு இருபுறமும் உள்ள சில மீட்டரில் கப்ளருக்கும் கிளாம்புக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் விட வேண்டும். லூப்பின் கால்களில் கிளாம்பே கூடாது. ஆடுகிறதே என்று பின்னால் வரும் ஆள் அங்கே ஒன்றை அடித்துவிட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

குழாய் சுவரையோ தளத்தையோ கடக்கும் இடத்தில் ஸ்லீவ் வேண்டும். குழாயைவிட ஓரிரு அளவு பெரிய பைப் துண்டை முதலில் பதித்து, அதற்குள் வெந்நீர்க் குழாயைச் செலுத்துவது. ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்தால் அந்த இடமே நாம் கேட்காத ஒரு இறுக்கமான கிளாம்பாகிவிடும். கான்கிரீட்டின் கூர்மையான விளிம்பு குழாயைத் தேய்க்கவும் செய்யும். குளியலறைத் தளத்தில் ஸ்லீவ் டைல்ஸுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் கழுவும் தண்ணீர் கீழ் அறைக்கு இறங்காது. இடைவெளியை அடைக்க மென்மையான சீலன்ட் போதும். ஆனால் அது சிபிவிசிக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். எண்ணெய் கலந்த சில பொருள்கள் சிபிவிசியில் மயிரிழைக் கீறல் விழச் செய்யும்.

ஷாஃப்டில் அதிகம் உடைவது அறைக்குப் பிரியும் டீ. மூன்று மாடி இறங்கும் 10 மீட்டர் குழாய் 24 மில்லிமீட்டர் நீளும். நடுமாடியில் இறுக்கிப் பிடித்தால் மேலே 12, கீழே 12 என்று பிரிந்துவிடும். அப்போதும் டீயிலிருந்து கிளைக்குழாய் நேராகச் சுவருக்குள் புகுந்து சிமென்டில் சிக்கியிருந்தால், மூட்டு மேலும் கீழும் முறுக்கப்பட்டுச் சில வருடத்தில் விட்டுவிடும். சுவருக்குள் நுழையும் முன் கிளையை ஷாஃப்டிலேயே ஒரு எல்போ போட்டுச் சற்றுத் தூரம் கொண்டுபோய், ஸ்லீவ் வழியாக உள்ளே விட்டால் அந்த 12 மில்லிமீட்டரை அது தாங்கிக்கொள்ளும்.

இப்படி முறுக்கப்பட்ட மூட்டு பலரைக் குழப்பும். விடிகாலையில் சொட்டும், வெந்நீர் ஓட ஆரம்பித்ததும் நின்றுவிடும். ஆறிச் சுருங்கும்போது மூட்டு இழுபடுவதும், சூட்டில் நீளும்போது மறுபடி அழுந்துவதும்தான் காரணம். பிளம்பர் மதியம் வந்து பார்த்தால் காய்ந்திருக்கும். வெந்நீரைத் திறந்ததும் சுவருக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டால், குழாய் எங்கோ சிக்கிச் சிக்கி நகர்கிறது. எல்போவின் உள்வளைவில் வெள்ளையாக வெளிறியிருந்தால் அதை அடுத்த மழைக்காலம் வரை விட்டுவைக்க வேண்டாம்.

மாடிக் குழாய் சரியாக நகர்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். வெந்நீர் ஓடாத விடியலில் ஒவ்வொரு கிளாம்பின் விளிம்பை ஒட்டியும் குழாயில் ஒரு கோடு போடுங்கள். எல்லா அறையிலும் தண்ணீர் ஓடி அரைமணி நேரம் ஆனபின் மறுபடி பாருங்கள். டேங்க் பக்கத்துக் கோடு அசையாமல் இருக்க வேண்டும்; லூப்பை நோக்கிப் போகப் போக இடைவெளி சீராகக் கூட வேண்டும். நடுவில் ஏதாவது கிளாம்பில் கோடு நகராமல் நின்றிருந்தால் அதன் ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கப்ளர் இடித்தால் கிளாம்பைக் கழற்றி ஒரு சாண் தள்ளி அடியுங்கள்.