எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நெசவாளர் ஒருவருக்கு இரு கடன்கள் உள்ளன எனக் கொள்வோம். சங்கத்தில் ரூ. 4,000; மாத வட்டி நூற்றுக்கு 1. லேவாதேவிக்காரரிடம் ரூ. 10,000, வட்டி 3. மாதந்தோறும் அவர் ஒதுக்கக் கூடியது ரூ. 1,500.

பெருங்கடனுக்கு வட்டி மட்டும் செலுத்திச் சிறு கடனை முதலில் அடைத்தால், அது நான்காம் மாதத்தில் தீரும். மொத்த வட்டி ரூ. 2,432. கடும் வட்டிக் கடனை முதலில் அடைத்தால், எட்டாம் மாதம் வரை எக்கடனும் தீராது. ஆயினும் வட்டி ரூ. 1,751 மட்டுமே. இரு முறையிலும் பதினோராம் மாதத்தில் கடன் ஒழியும். ஆதாயம் சுமார் ரூ. 680.

சங்கக் கடனுக்குத் தவணை உண்டெனில் அதைத் தவறலாகாது. அபராத வட்டி ஆதாயத்தை விழுங்கிவிடும். மழைக்காலத்தில் தறி நிற்குமெனில், சிறு கடனை முன்னரே தீர்த்துத் தவணைப் பளுவைக் குறைத்தலும் பொருந்தும். அதன் விலையை அறிந்தே செய்தல் வேண்டும்.