கும்பிட்ட கை கேள்விக்குறியாவது ஏன்?

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் பலகாரக் கடைகள் இப்போது நிறைய. தீபாவளி முடிந்ததும் உரையாடலை `Export chat` கொடுத்து டெக்ஸ்ட் ஃபைலாக எடுப்பார்கள்; அதை எக்ஸெலில் ஒட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். ஒட்டும்போது எல்லாம் சரியாகத் தெரியும். CSV ஆகச் சேமித்து மூடிவிட்டு மறுபடி திறந்தால், "நன்றி 🙏" இருந்த இடத்தில் "????? ??" நிற்கும்.

தவறு நடந்தது திறக்கும்போது அல்ல, சேமிக்கும்போது. எக்ஸெல் காட்டும் வகைகளில் `CSV (Comma delimited)` என்பது விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியலைக் கொண்டு எழுதுகிறது. நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்ற பட்டியல். மொத்தமே 256 இடங்கள். ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும்தான் அதில் உண்டு. தமிழும் இல்லை, இமோஜியும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் எக்ஸெல் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. திரையில் அப்போது ஒரு மாற்றமும் தெரியாததால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என "நன்றி"யில் ஐந்து துண்டுகள், ஐந்து கேள்விக்குறி. கும்பிடும் கைக்கு யூனிகோடில் 128591 என்ற பெரிய எண். 65535-ஐத் தாண்டிய எண்களை எக்ஸெல் இரண்டு துண்டாக வைத்துக்கொள்கிறது; அதனால் இரண்டு கேள்விக்குறி. 👍, 👎 இரண்டுமே இப்படி "??" ஆகிவிடும். ஆர்டர் உறுதியானதா, வேண்டாமென்றார்களா என்று அந்த ஃபைலிலிருந்து இனி யாராலும் சொல்ல முடியாது.

கேள்விக்குறிக்குப் பதில் "à®¨" போன்ற கிறுக்கல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபைல் நல்லபடி இருக்கிறது, எக்ஸெல்தான் தவறான பட்டியலை வைத்து வாசிக்கிறது. அதைச் சேமிக்காமல் மூடுங்கள். `Data` பகுதியில் `From Text/CSV` வழியாகத் திறந்து, `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் திரும்பிவிடும். வெறும் கட்டம் தெரிந்தால் அது எழுத்துருவின் குறை மட்டுமே.

சந்தேகமாக இருந்தால், கும்பிடும் கை இருக்க வேண்டிய செல் A2 என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இதை அடியுங்கள்:

```
=UNICODE(A2)
```

128591 வந்தால் இமோஜி உயிரோடு இருக்கிறது. 63 வந்தால் அங்கே இருப்பது நிஜக் கேள்விக்குறி; எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, மூல ஃபைலுக்குத்தான் போக வேண்டும்.

சேமிக்கும்போது `CSV UTF-8 (Comma delimited)` அல்லது எக்ஸெலின் சொந்த `.xlsx` வகையைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் கொடுத்த டெக்ஸ்ட் ஃபைலைக் கணக்கு முடியும்வரை அழிக்காதீர்கள்.