முதல் வயலின்: பிருடையைத் திருகிப் பார்த்து வாங்குங்கள்

குழந்தைக்கு வயலின் வாங்கப் போகும் பெற்றோர் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். பார்க்க வேண்டியது பிருடையை. நம் வகுப்புகளில் ஆசிரியரின் சுருதிக்கு ஏற்ப நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டுவார்கள். பிருடை துளையில் சரியாகப் பொருந்தாவிட்டால் அது வழுக்கும், பாதிப் பாடம் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். கடையிலேயே சுருதி கூட்டச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து மறுபடி மீட்டுங்கள். இறங்கியிருந்தால் வேறு கருவி கேளுங்கள்.

அடுத்து விரல் பலகை. மலிவான வயலின்களில் சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். நாளடைவில் தந்திகளின் அடியில் பள்ளம் விழுந்து சுரம் கரகரக்கும். கருங்காலிப் பலகை நெடுநாள் உழைக்கும். குதிரையும் முக்கியம்: அது உயரமாக இருந்தால் தந்தியை அழுத்தவே பிஞ்சு விரல் வலிக்கும், கமகம் எப்படி வரும்? குதிரையைச் செதுக்கித் தரும் கடையே நல்ல கடை.

கற்பவர்களுக்கான வயலின்களில் ஸ்டென்டர், யமஹா இரண்டும் நம்பகமானவை. ஸ்டென்டர் ஸ்டூடன்ட் 2 வகையில் விரல் பலகையும் பிருடைகளும் கருங்காலி. என் தேர்வு அதுதான்.

அளவில் மட்டும் ‘வளர்ந்ததும் சரியாகிவிடும்’ என்று பெரிதாக வாங்காதீர்கள். இடக்கையை நீட்டினால் விரல்கள் வயலினின் தலைச்சுருளைத் தளர்வாக வளைத்துப் பிடிக்க வேண்டும். எட்டாவிட்டால் அரை அல்லது முக்கால் அளவையே கேட்டு வாங்குங்கள்.